மலேரியாவுக்கு என்னைத் தெரியும்!

லண்டன் பக்கம் ஆன்சைட்டில் இருந்தபோது என் டீமில் ஒரு நைஜீரிய நண்பர் இருந்தார். லாகோஸ்காரர். படிக்க வந்து, வேலை கிடைத்து, அப்படியே ஒன்பது வருஷம் அங்கேயே தங்கிவிட்டவர். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவில் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பினார். "மலேரியா மாத்திரை எல்லாம் வாங்கியாச்சா?"ன்னு சும்மா கேட்டேன். சிரிச்சார். "அதெல்லாம் உன்னை மாதிரி ஆளுங்களுக்கு. சின்ன வயசுல எனக்கு எத்தனை தடவை வந்திருக்கும்னு எங்க அம்மாவுக்கே கணக்கு தெரியாது. மலேரியாவுக்கு என்னைத் தெரியும்"னார்.

ஜனவரியில் திரும்பி வந்தார். பத்து நாள் நல்லாத்தான் இருந்தார். அப்புறம் ஜுரம். லண்டன் குளிர், ஃப்ளூவாத்தான் இருக்கும்னு பாராசிட்டமால் போட்டுக்கிட்டு வீட்டிலேயே படுத்திருக்கார். நாலாவது நாள் பேச்சு குழற ஆரம்பிச்சதும் அவர் மனைவி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஃபால்சிபாரம் மலேரியா. ஐசியூவில் மூணு நாள். பிழைச்சுட்டார், கவலைப்படாதீங்க.

ஆனா எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்தது. அவர் சொன்னது பொய் இல்லையே? சின்ன வயசில் அத்தனை தடவை வந்து, பதினைஞ்சு வயசுக்கு மேல அதைப் பத்தி யோசிக்கவே தேவையில்லாத மாதிரி வளர்ந்த ஆள். அந்த எதிர்ப்புச் சக்தி எங்கே போச்சு? அம்மை ஒரு தடவை வந்தா ஆயுசுக்கும் வராதுன்னு பாட்டி சொல்றது உண்மைதானே, மலேரியா மட்டும் ஏன் இப்படி? அதைத் தேடிப் படிச்சதில் சிக்கினதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

கதை ராபர்ட் கோக்கிடம் ஆரம்பிக்குது. ஆமாங்க, காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்ச அதே ஜெர்மன்காரர்தான். 1899-1900ல் அவர் ஜாவாவுக்கும், அப்புறம் அப்போ ஜெர்மனியின் கையில் இருந்த நியூகினிக்கும் போனார். நியூகினியில் தோட்டக் கம்பெனிகள் வெளியூர்களில் இருந்து கூலி ஆட்களைக் கப்பலில் கொண்டு வந்து இறக்கிக்கிட்டு இருந்தன. வந்தவர்கள் கும்பல் கும்பலாக மலேரியாவில் விழுந்தார்கள். பக்கத்துக் கிராமத்துப் பெரியவர்களோ, அதே கொசுவிடம் கடி வாங்கிக்கிட்டு சாதாரணமா நடமாடினாங்க.

அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் பலர் இதுக்கு ஒரு ரெடிமேட் விளக்கம் வச்சிருந்தாங்க: அது அவங்க இனத்தோட குணம், பிறவியிலேயே அப்படி. கோக் அதை அப்படியே எடுத்துக்கலை. கிராமத்தில் எல்லா வயசுக்காரர்களிடமும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கைக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தது. கொஞ்சம் பெரிய குழந்தைகளில் குறைந்தது. பெரியவர்களிடம் ஏறக்குறைய காணவே காணோம். பிறவிக் குணம்னா குழந்தைக்கும் இருந்திருக்கணுமே? ஆக இது பிறந்த பிறகு சம்பாதிச்சது. அதுக்குக் கொடுத்த விலை, அந்தக் கிராமத்தில் பிழைக்காமல் போன குழந்தைகள். ஜாவாவிலும் இதே மாதிரி ஒப்பிட்டார். மலேரியா எப்பவும் இருக்கும் ஊரில் குழந்தைகளுக்கு நிறைய, பெரியவர்களுக்குக் குறைவு. எப்பவாவது வந்து போகும் ஊரில் அந்த வயசு வித்தியாசமே தெரியலை. எப்பவாவது கடிச்சா பத்தாது, வருஷக்கணக்கில் விடாமல் கடிச்சாத்தான் சம்பாத்தியம்.

(இங்கே ஒரு இடைச்செருகல். பிறவியிலேயே வரும் பாதுகாப்பும் உண்டு. அரிவாள் செல் மரபணுவை அப்பா, அம்மா யாராவது ஒருத்தரிடம் இருந்து மட்டும் பெற்றவர்களுக்கு, கடுமையான மலேரியாவில் இருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும். அது சாகும்வரை கூடவே இருக்கும், லண்டனில் இருந்தாலும் சரி, லாகோஸில் இருந்தாலும் சரி. இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லை. என் நண்பர் இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டார்னு நினைக்கிறேன்.)

கோக் ஒரு இடத்தில் தப்பு பண்ணினார். பெரியவர்கள் ரத்தத்தில் ஒட்டுண்ணி தெரியலை, அதனால் முழு எதிர்ப்புச் சக்தின்னு முடிவு கட்டினார். உண்மையில் அவங்க உடம்பிலும் அது இருந்திருக்கும், அந்த மைக்ராஸ்கோப்புக்குச் சிக்காத அளவில். மலேரியா ஊரில் வளர்ந்த ஒரு பெரியவர் ஒட்டுண்ணியை வச்சுக்கிட்டே வயலுக்குப் போவார், சந்தைக்குப் போவார். அவர் உடம்பு அதை விரட்டலை, அடக்கி வச்சிருக்கு.

இந்த "அடக்கி வச்சிருக்கு" விஷயத்தைப் பிடிச்சவங்க அல்ஜியர்ஸில் இருந்த செர்ஜான் சகோதரர்கள். 1920களில், மாடுகளின் ரத்தத்தில் வரும் ஒரு ஒட்டுண்ணி நோயைப் பார்த்து ஒரு கருத்தைச் சொன்னாங்க. உடம்புக்குள்ள கொஞ்சம் கிருமி இருக்கிறவரைக்கும்தான் பாதுகாப்பு, கிருமி முழுசா ஒழிஞ்சா பாதுகாப்பும் ஒழியும். அப்புறம் இதையே மலேரியாவுக்கும் சொன்னாங்க. இதுதான் ரொம்ப நாளைக்குப் பாடப்புத்தக உண்மையா இருந்தது. இதன்படி பார்த்தா என் நண்பர் லண்டனுக்கு வந்து ஒரு வருஷத்திலேயே வெறும் ஆள். பிறந்ததில் இருந்து லண்டனிலேயே வளர்ந்த எங்க மேனேஜருக்கும் அவருக்கும் வித்தியாசமே இல்லை. இது சரியா? கடைசியில் மறுபடி இதுக்கு வர்றேன்.

அடுத்த கேள்வி, அந்தப் பாதுகாப்பு உடம்பில் எங்கே இருக்கு? இதுக்கு 1961ல் காம்பியாவில் ஒரு அருமையான பரிசோதனை. சிட்னி கோஹென், இயன் மெக்ரெகர், கேரிங்டன்னு மூணு பேர். காம்பியப் பெரியவர்களின் ரத்தத்தில் இருந்து காமா குளோபுலினைப் பிரிச்சு எடுத்தாங்க. அதாவது ஆன்டிபாடிகள் இருக்கிற பகுதி. கடும் மலேரியாவில் இருந்த 12 சின்னக் குழந்தைகளுக்கு அதை ஊசியா போட்டாங்க. சில நாட்களில் ஒட்டுண்ணி எண்ணிக்கை மடமடன்னு சரிந்தது. இங்கிலாந்துக்காரர்களின் ரத்தத்தில் இருந்து எடுத்த அதே சரக்கைப் போட்டுப் பார்த்தாங்க, ஒண்ணும் நடக்கலை. ஆக, கோக் பார்த்த அந்தச் சம்பாத்தியத்தில் பெரும் பங்கு ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடிதான்னு தெரிஞ்சுபோச்சு. பின்னாடி மேற்கு ஆப்பிரிக்கர்களின் ஆன்டிபாடியைக் கிழக்கு ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போட்டாங்க, அதுவும் வேலை செய்தது.

சரி, ஆன்டிபாடிதான் விஷயம்னா அம்மைக்கும் அதே ஆன்டிபாடிதானே? அங்கே ஒரு தடவை போதும், இங்கே பத்துப் பதினைஞ்சு வருஷம் ஏன்?

மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து 48 மணி நேரத்தில் பெருகி, அதை வெடிச்சுக்கிட்டு வெளியே வந்து அடுத்த அணுக்களுக்குள் நுழையும். அதன் எதிரி மண்ணீரல். விறைச்சுப்போன, கெட்டுப்போன சிவப்பணுக்களை அங்கே வடிகட்டிப் போட்டுடும். அதில் மாட்டாமல் இருக்க ஃபால்சிபாரம் ஒரு தந்திரம் பண்ணுது. தான் குடியிருக்கும் சிவப்பணுவின் வெளித்தோலில் ஒரு ஒட்டுப்புரதத்தை நீட்டி, ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிட்டு நிற்கும். மூளையின் சின்னக் குழாய்களில் இப்படி ஒட்டி அடைச்சா என்ன ஆகும்னு என் நண்பரைக் கேளுங்க.

வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிறதால் ஆன்டிபாடிக்கு அது நல்ல இலக்கு. ஆனா ஒட்டுண்ணியிடம் இந்தப் புரதத்துக்கு சுமார் 60 மரபணுக்கள் இருக்கு. ஒரு நேரத்தில் ஒண்ணைத்தான் போட்டுக்கும். உடம்பு ஒண்ணுக்கு ஆன்டிபாடி தயார் பண்ணி முடிக்கும்போது, கொஞ்சம் பேர் ஏற்கனவே அடுத்த சட்டைக்கு மாறியிருப்பாங்க. அதுவும் ஒரு ஒட்டுண்ணியின் 60 வேற, அடுத்த கொசு கொண்டு வரும் ஒட்டுண்ணியின் 60 வேற. அம்மைக் கிருமிக்கு ஒரே முகம், ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டா போதும். இங்கே ஒரு ஊரையே ஃபோட்டோ பிடிச்சு ஆல்பம் போடணும். சின்னப் பையனா இருக்கும்போது ஒவ்வொரு ஜுரமும் அந்த ஆல்பத்தில் சில பக்கங்கள். முதலில் சேர்றது சாகாமல் தப்பிக்கும் பாதுகாப்பு, அது சில தடவையிலேயே ஓரளவு வந்துடும். ஜுரமே வராமல் நடமாடும் பாதுகாப்புக்குப் பல வருஷம் ஆகும். ஒட்டுண்ணியே உள்ளே நுழையாத பாதுகாப்பு யாருக்குமே வந்ததா சொல்ல முடியாது.

இப்போ ஏன் கரையுதுன்னு பார்ப்போம். நம்ம ஆளுங்க பாஷையில் சொன்னா இது ஹார்ட் டிஸ்க்கில் இல்லை, பெரும்பகுதி கேஷில் இருக்கு :-) ஐஜிஜி வகை ஆன்டிபாடியின் ஆயுள் குறைச்சல், சுமார் மூணு வாரத்தில் பாதி காலி. ரத்தத்தில் அது எப்பவும் நிறைய இருக்கணும்னா யாராவது தொடர்ந்து தயார் பண்ணிக்கிட்டே இருக்கணும். தயார் பண்ற பிளாஸ்மா செல்களில் ரெண்டு ரகம். எலும்பு மஜ்ஜையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்க ஒரு ரகம். ஜுரம் வந்தபோது வந்து, சில வாரத்தில் போய்விடும் தற்காலிக ஆட்கள் இன்னொரு ரகம். மலேரியா ஊரில் கொசு கடிச்சுக்கிட்டே இருக்கிறதால் தற்காலிக ஆட்களை விடாமல் வேலைக்கு எடுத்துக்கிட்டே இருக்காங்க, அளவு குறையறதில்லை. ஊரை விட்டு வந்தா ஆள் எடுக்கிறது நின்னுபோகும். நிரந்தர ஆட்கள் தயாரிக்கும் கொஞ்சம் மட்டும் மிஞ்சும்.

ஆனா ஆல்பம் முழுசா தொலைஞ்சு போகாது. நினைவு செல்கள்னு ஒரு கூட்டம் இருக்கு. ஆன்டிபாடி தயார் பண்ணாமல் சும்மா இருக்கும், பழைய முகத்தைப் பார்த்தா எழுந்து பெருகும். பயணத்தில் மலேரியா வாங்கிக்கிட்டு ஊர் திரும்பிய ஸ்வீடன்காரர்களில், அப்புறம் மலேரியா பக்கமே போகாமல் 16 வருஷம் கழிச்சும் இந்த செல்களைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அப்போ ஏன் என் நண்பர் ஐசியூ வரைக்கும் போனார்? இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கொசு கடிச்சதும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குப் போகும். ஒரு வாரம் கழிச்சு அங்கிருந்து ரத்தத்துக்கு வரும். ஒரு பேச்சுக்கு 1 லட்சம்னு வச்சுக்குவோம். ஒருத்தர் உடம்பில் 5 லிட்டர் ரத்தம், அதாவது 50 லட்சம் மைக்ரோலிட்டர். ஆக ஒரு மைக்ரோலிட்டருக்கு 0.02. யாராலும் பார்க்க முடியாது. தடுக்க ஆளில்லைன்னா ரெண்டு நாளுக்கு ஒரு தடவை சுமார் பத்து மடங்குன்னு போடலாம். ஏழு நாள் போல ஆனதும் மைக்ரோலிட்டருக்கு 50ஐத் தாண்டும். சாதாரண லேபில் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் அளவு இதுதான், முன்பின் மலேரியா பார்க்காத ஆளுக்கு இந்த வாக்கில் ஜுரமும் வந்துடும். அதில் இருந்து நாலே சுற்று, எட்டு நாள்: 50, 500, 5000, 50 ஆயிரம், 5 லட்சம். மைக்ரோலிட்டரில் சிவப்பணு 50 லட்சம்தான். பத்தில் ஒண்ணு ஒட்டுண்ணி. அங்கே உயிர் ஊசலாடும்.

லாகோஸிலேயே இருக்கும் அவர் அண்ணனுக்கு ஆன்டிபாடி ஏற்கனவே ரத்தத்தில் இருக்கு. பத்து மடங்கு பெருக விடாது. மைக்ரோலிட்டருக்குச் சில ஆயிரம் இருந்தாலும் ஜுரம் இல்லாமல் ஆபீஸ் போவார். லண்டன் மேனேஜருக்கு எதுவுமே இல்லை. என் நண்பர் நடுவில். நினைவு செல்கள் எழுந்து, பெருகி, ஆன்டிபாடியை ரத்தத்தில் இறக்க ஒரு வாரம் போல ஆகும். அந்த ஒரு வாரத்தில் எதிராளி மூணு நாலு சுற்று முடிச்சிருப்பான். அதுவும் அந்தக் கொசு கொண்டு வந்த சட்டை அவர் ஆல்பத்தில் இருந்தாத்தான் இந்தக் கணக்கே. ஒன்பது வருஷத்தில் ஊரில் சுத்தற ஒட்டுண்ணிகளும் மாறியிருக்குமே. (இது என் மேம்போக்கான கணக்குங்க. நிஜ உடம்பில் காய்ச்சலே ஒட்டுண்ணியைக் கொஞ்சம் தடுக்கும், மண்ணீரல் சும்மா இருக்காது. டாக்டர் பதிவர்கள் பின்னூட்டத்தில் திட்டலாம்.)

இப்போ செர்ஜான் சகோதரர்களுக்கு வருவோம். அவங்க சொன்னது சரியான்னு சோதிக்கணும்னா ஒரு ஊரையே முப்பது வருஷம் மலேரியா இல்லாமல் வச்சிருந்து, அப்புறம் திறந்துவிடணும். எந்த மனுஷனும் பண்ணக் கூடாத பரிசோதனை. மடகாஸ்கரில் அது தானா நடந்தது.

மடகாஸ்கரின் மலேரியா பேர் போனது. ராஜா முதலாம் ரடாமா தன்கிட்ட ரெண்டு தளபதிகள் இருக்காங்கன்னு சொன்னதா அங்கே சொல்வாங்க: ஹாஸோ, டாஸோ. காடு, காய்ச்சல். 1895ல் பிரெஞ்சுப் படை வந்தபோது சண்டையில் செத்தவங்க முப்பதைத் தொடலை. நோயில் செத்தவங்க 5000க்கு மேல், முக்கியமா மலேரியா. நடுவில் இருக்கும் மேட்டுநிலம், தலைநகர் அண்டனானரிவோவைச் சுத்தி, நெல்வயல் பூமி. கடற்கரையை விடக் குளிர். அங்கே 1878ல் பெரிய மலேரியாக் கொள்ளை வந்து, அப்புறம் நிலைச்சுப்போச்சு. நெல்வயலில் வளரும் அனோபிலிஸ் ஃபனெஸ்டஸ் கொசுதான் முக்கியக் குற்றவாளி.

1949ல் டிடிடி அடிக்க ஆரம்பிச்சாங்க. வீட்டுச் சுவரில் உட்காரும் பழக்கம் உள்ள ஃபனெஸ்டஸ் அதில் காலி. கூடவே குழந்தைகளுக்கு குளோரோகுயின். 1960களின் தொடக்கத்தில் மேட்டுநிலத்தில் மலேரியா ஏறக்குறைய இல்லை. பெரும்பாலான இடங்களில் மருந்து அடிக்கிறதை நிறுத்தினாங்க, மிச்சமிருந்த சில இடங்களில் 1975 வரை. 1970களின் கடைசியில் குளோரோகுயின் கொடுக்கும் மையங்களும் மூடியாச்சு. காசு இல்லை, தேவையும் இல்லைன்னு தோணியிருக்கும். கொசு மெதுவாத் திரும்பி வந்தது. 1980களின் நடுவில் ஆரம்பிச்சு 1987-88ல் உச்சம். முப்பது வயசு வரை மலேரியாவே தெரியாமல் வளர்ந்த ஒரு தலைமுறை. குளோரோகுயின் கடையில் கிடைக்கலை. சனங்க ஆயிரக்கணக்கில் செத்தாங்க.

அண்டனானரிவோ பக்கத்தில் மனரின்ட்ஸோவான்னு ஒரு கிராமத்தில் ஆராய்ச்சியாளர்கள் அந்த நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க, கோக் மாதிரியே வயசு வாரியா. அதில் ஒரு விசித்திரம். முழுசா எல்லாரும் வெறும் ஆள்னா, எல்லா வயசுக்கும் அடி ஒரே மாதிரி விழுந்திருக்கணும். விழலை. சுமார் நாற்பது வயசுக்கு மேலிருந்தவங்களுக்கு அடி தெளிவாகக் குறைவு. கணக்குப் பண்ணுங்க. 1987ல் நாற்பது வயசுன்னா 1947ல் பிறந்தவங்க. டிடிடி வர்றதுக்கு முன்னாடி குழந்தையா ஜுரத்தில் கிடந்தவங்க. அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்குப் பக்கமா ஒரு கொசுக்கடி மலேரியாகூட இல்லை.

1992ல் டெலோரோன், ஷூனியே ரெண்டு பேரும் இதை வச்சு ஒரு கட்டுரை எழுதினாங்க: மலேரியா எதிர்ப்புச் சக்தி நிஜமாவே குறுகிய ஆயுள்தானா? வயசான உடம்பே கொஞ்சம் பக்குவமா சமாளிக்கும்னு ஒரு மறுப்பு உண்டு, அதை ஒதுக்க முடியாது. இந்தோனேசியாவில் ஜாவாவில் இருந்து பாப்புவாவுக்குக் குடியேறியவர்களில், பெரியவர்கள் குழந்தைகளை விட வேகமா எதிர்ப்புச் சக்தி பெற்றதை கெவின் பேர்ட் குழு பார்த்திருக்கு. ஆனா முப்பத்தைந்து வயசுக்காரரும் பெரியவர்தானே? மடகாஸ்கரில் கோடு விழுந்த இடம் டிடிடி வந்த வருஷத்தோட ஒட்டிப்போகுதுங்கறதுதான் என்னை நம்ப வைக்குது. செர்ஜான் சொன்னது பாதி சரி. ஜுரம் வராமல் நடமாடும் பாதுகாப்பு சீக்கிரம் போகுது. உயிரைக் காக்கும் பாதுகாப்பில் ஒரு அடித்தங்கல் ரொம்ப நாள் நிக்குது. ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளிலும் இதே கதைதான். ஆப்பிரிக்காவில் பிறந்து வந்தவர்களுக்கு, ஊருக்குப் போய்த் திரும்பும்போது மலேரியா வருது, ஆனா அங்கேயே பிறந்த வெள்ளைக்கார சுற்றுலாப் பயணியை விடச் சாவு குறைவு.

என் நண்பரிடம் இதை எல்லாம் சொன்னேன். "அப்போ மலேரியாவுக்கு என்னைத் தெரியும்னு நான் சொன்னது தப்பில்லையே"ன்னார். தெரியும், ஆனா அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்னு சொன்னேன். சிரிச்சுட்டு, அடுத்த ஈஸ்டருக்கு ஊருக்குப் போக நாலு டிக்கெட் போட்டிருக்கிறதா சொன்னார். அவர் மகளுக்கு மூணு வயசு, மகனுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் லண்டனில் பிறந்தவங்க, ஆல்பத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. மாத்திரைச் சீட்டு எனக்குக் காட்டினார், நாலு பேருக்கும் இருந்தது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஊரில் யாராவது மலேரியா பக்கம் போய்ட்டு வந்து ஜுரம்னு சொன்னா, அன்னிக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க, என் பதிவைப் படிச்சுக்கிட்டு உட்காராதீங்க.